லாபத்தில் நிற்கும் கால் ஆப்ஷன்: இன்றே பங்காக மாற்றுவதா, விற்பதா, காத்திருப்பதா?

ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷன் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக் விலை. பங்கு ஏறிவிட்டது. ஆப்ஷன் நல்ல லாபத்தில் நிற்கிறது. அது அமெரிக்க வகை ஆப்ஷன் என்பதால் காலாவதி நாள் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த நாளிலும் ஸ்ட்ரைக் விலையைக் கட்டிப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். இந்த நிலையில் பலருக்கும் கை பரபரக்கும். "விலை இறங்குவதற்குள் பங்கை வாங்கிப் போட்டுவிடலாமே" என்று தோன்றும். ஈவுத்தொகை தராத பங்காக இருந்தால், அந்தப் பரபரப்பு பெரும்பாலும் பணத்தை இழக்கும் வழி. எவ்வளவு இழக்கிறோம், அது எங்கே போகிறது என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்து முழுமையாகப் பார்த்துவிடலாம்.

பங்கின் இன்றைய விலை 130. ஸ்ட்ரைக் விலை 100. காலாவதிக்கு இன்னும் ஆறு மாதம். அந்தக் காலத்தில் நிறுவனம் ஈவுத்தொகை எதுவும் தரப்போவதில்லை. ஆபத்தில்லாத வைப்புக்கு ஆண்டு வட்டி 6 சதவீதம். அதாவது ஆறு மாதத்துக்கு 3 சதவீதம். இப்போதே உரிமையைப் பயன்படுத்தினால் 100 கொடுத்து 130 மதிப்புள்ள பங்கு கிடைக்கும். இந்த 30தான் ஆப்ஷனின் உள்ளார்ந்த மதிப்பு. ஆனால் பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 30 சதவீதம் என்று வைத்து ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால், இந்த ஆப்ஷனின் விலை ஏறக்குறைய 33.83 வருகிறது. 30க்கு மேல் இருக்கும் 3.83தான் கால மதிப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 3.83ஐப் பற்றியதுதான்.

முதலில், பங்கு தனக்கு நிஜமாகவே வேண்டும் என்று நினைப்பவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறார். அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இன்றே 100 கட்டிப் பங்கை எடுத்துக்கொள்வது. மற்றொன்று, ஆப்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த 100ஐ ஆறு மாத வைப்பில் போட்டு, கடைசி நாளில் முடிவெடுப்பது.

ஆறு மாதம் கழித்துப் பங்கு 150க்குப் போயிருந்தால், முதல் வழியில் சென்றவரிடம் 150 மதிப்புள்ள பங்கு இருக்கும். காத்திருந்தவரிடம் வைப்பு வளர்ந்து 103 ஆகியிருக்கும். அதில் 100ஐக் கட்டி அதே பங்கை எடுப்பார். மிச்சம் 3 கையில் நிற்கும். பங்கு 130லேயே நின்றிருந்தாலும் அதே 3 வித்தியாசம்தான். ஏற்றத்தில் ஒரு காசைக்கூட அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஏறும் என்று நம்புகிறேன், அதனால் இப்போதே எடுக்கிறேன்" என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஏற்றம் முழுவதும் ஆப்ஷனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. விலையை இன்று கட்டினாலும் ஆறு மாதம் கழித்துக் கட்டினாலும் கட்டும் தொகை 100தான். கட்ட வேண்டிய தொகை மாறாது என்று தெரிந்த பிறகு அதை முன்கூட்டியே கட்டுவது, எதிராளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்குச் சமம்.

இப்போது பங்கு 80க்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். முன்பே எடுத்தவரிடம் 80 மதிப்புள்ள பங்கு. காத்திருந்தவர் ஆப்ஷனைத் தூக்கி எறிந்துவிட்டு 103ஐக் கையில் வைத்திருப்பார். வித்தியாசம் 23. பங்கு இன்னமும் வேண்டுமென்றால் சந்தையில் 80க்கு வாங்கிக்கொண்டு 23ஐ மிச்சம் பிடிக்கலாம்.

ஆகவே 3.83க்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, 100ஐத் தள்ளிக் கட்டுவதால் கிடைக்கும் வட்டி. ஆறு மாதம் கழித்துக் கட்டும் 100க்கு இன்று 97.09 ஒதுக்கினால் போதும். எனவே வட்டியின் இன்றைய மதிப்பு 2.91. இரண்டாவது, பங்கு 100க்குக் கீழே போனால் நம்மைக் காக்கும் காப்பு. அதன் மதிப்பு மிச்சமுள்ள 0.92. இந்தக் காப்பு வேறொன்றுமில்லை. அதே ஸ்ட்ரைக் விலையும் அதே காலாவதியும் உள்ள, பங்கை விற்கும் உரிமை தரும் புட் ஆப்ஷனின் விலைதான். கால் ஆப்ஷனின் விலை C, பங்கின் விலை S, ஸ்ட்ரைக் விலை K, அதன் இன்றைய மதிப்பு PV(K), புட்டின் விலை P என்று வைத்துச் சூத்திரமாக எழுதினால்:

```
C = (S − K) + [K − PV(K)] + P
33.83 = 30 + 2.91 + 0.92
```

காலாவதி நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை ஆப்ஷன்களுக்குப் பொருந்தும் கால்–புட் சமன்பாட்டைக் கொஞ்சம் இடம் மாற்றி எழுதினால் இது கிடைக்கிறது. வலப்பக்கத்தில் கடைசி இரண்டு உறுப்புகளும், வட்டி விகிதம் சுழியத்துக்கு மேல் இருக்கும் வரை, எதிர்மறையாகப் போக வழியே இல்லை. முன்கூட்டியே உரிமையைப் பயன்படுத்துபவர் முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்.

விட்டுவிட்ட 3.83 காற்றில் கரைவதில்லை. அந்த ஆப்ஷனை எழுதி விற்றவருக்குப் போகிறது. அவர் தோளில் 33.83 மதிப்புள்ள பொறுப்பு இருந்தது. நீங்கள் அவசரப்பட்டதால் அது 30லேயே தீர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு அவர் சுமக்க வேண்டிய ஆபத்தும் அன்றே ஒழிந்தது.

இந்த முடிவுக்குச் சூத்திரத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆப்ஷன் சந்தையில் வெறும் 30க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதை வாங்குகிறார். அதே நேரம் பங்கைக் கடன் வாங்கி 130க்கு விற்கிறார். மீதி 100ஐ வைப்பில் போடுகிறார். ஆறு மாதத்தில் அது 103. பங்கு 100க்கு மேலே இருந்தால் 100 கட்டிப் பங்கைப் பெற்று, கடனைத் திருப்பிக் கொடுத்து 3ஐ எடுத்துக்கொள்வார். கீழே இருந்தால் சந்தையில் இன்னும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பார். மிச்சம் இன்னும் அதிகம். நட்டப்படவே முடியாத வியாபாரம் இது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எல்லோரும் பாய்ந்து ஆப்ஷனின் விலையை மேலே தள்ளுவார்கள், குறைந்தது 32.91 வரை. ஏற்ற இறக்கம் எவ்வளவு, விலைகள் எந்த வடிவில் பரவுகின்றன என்ற அனுமானம் எதுவும் இதற்குத் தேவையில்லை. பொருளாதார அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1973ல் இதைத் துல்லியமாக நிறுவினார். ஈவுத்தொகை இல்லாத பங்கின் அமெரிக்க கால் ஆப்ஷனும் ஐரோப்பிய கால் ஆப்ஷனும் ஒரே விலை பெறுவது இதனால்தான். முன்கூட்டிப் பயன்படுத்தும் வசதி அங்கே இருக்கிறது, ஆனால் அதற்கென்று தனி விலை கிடையாது. ஐரோப்பிய வகைக்காக எழுதப்பட்ட பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை மேலே தயங்காமல் பயன்படுத்தியதற்கும் இதுவே காரணம்.

சிலர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். "காத்திருப்பது நல்லது என்கிறீர்கள். ஆனால் எனக்குப் பங்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த வாரமே சரியும் என்று நினைக்கிறேன். நான் ஏன் காத்திருக்க வேண்டும்?" காத்திருக்க வேண்டாம். ஆனால் வெளியேறும் வழி உரிமையைப் பயன்படுத்துவது அல்ல, ஆப்ஷனையே விற்பது. 100 கட்டிப் பங்கை எடுத்து 130க்கு விற்றால் கையில் 30. ஆப்ஷனை விற்றால் 33.83. இரண்டிலும் அதே நாளில் முழுமையாக வெளியேறுகிறீர்கள். இரண்டாவதில் 100 புரட்ட வேண்டிய தேவையும் இல்லை. இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஏனென்றால் பங்கைப் பற்றிய கணிப்பு சரியாகவே இருந்தாலும், வெளியேறும் வாசலைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் பணம் போகிறது.

பங்கு இன்றே என் பெயரில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் இதே விடைதான். ஆப்ஷனை 33.83க்கு விற்றுவிட்டு, பங்கைச் சந்தையில் 130க்கு வாங்கட்டும். கையிலிருந்து போவது 96.17. உரிமையைப் பயன்படுத்தினால் போவது 100. இரண்டின் முடிவிலும் அவரிடம் இருப்பது அதே ஒரு பங்கு. வட்டியையும் காப்பையும் பற்றி யோசிக்கவே பிடிக்காதவர் இந்த ஒரு கழித்தலை மட்டும் செய்து பார்த்தால் போதும்.

கால மதிப்பின் இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எப்போது கவனமாக இருக்க வேண்டும் என்பது இதில்தான் தெரியும். காப்பு, பங்கின் ஆட்டத்தைப் பொறுத்தது. ஆண்டு ஏற்ற இறக்கம் 30 சதவீதத்துக்குப் பதில் 50 சதவீதமாக இருந்தால் 0.92 ஆக இருந்த காப்பு ஏறக்குறைய 4.5 ஆகிவிடும். மாறாக, பங்கு 200க்குப் போய்விட்டால், ஆறு மாதத்துக்குள் அது 100க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. காப்பின் மதிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் வட்டி அசையாது. பங்கு 130ல் இருந்தாலும் 200ல் இருந்தாலும் 300ல் இருந்தாலும் 100ஐ ஆறு மாதம் தள்ளிக் கட்டுவதன் பயன் அதே 2.91தான். "ஆழமாக லாபத்துக்குள் போய்விட்டது, இனி இதில் கால மதிப்பே இல்லை" என்று சொல்வது இதனால்தான் தவறு. காப்புதான் போயிருக்கிறது, வட்டி அப்படியே இருக்கிறது.

வட்டியைக் கரைப்பது நாள்கள்தான். காலாவதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது 100க்கு 6 சதவீதத்தில் கிடைக்கும் வட்டி 0.08. அந்தக் கட்டத்தில் முன்கூட்டிப் பயன்படுத்துவதால் வரும் நட்டம் பொருட்படுத்தத் தக்கதல்ல. வட்டி விகிதமே சுழியமாக இருந்தாலும் அப்படித்தான்: காப்பு மட்டும் மிஞ்சும், ஆழமான லாபத்தில் அதுவும் தேய்ந்துவிடும். வட்டி எதிர்மறையாகப் போனால் கதை திரும்பிவிடும்; பணத்தை வைத்திருப்பதற்கே செலவாகும் என்றால் 100ஐச் சீக்கிரம் கட்டிவிடுவதில் ஆதாயம் உண்டு.

புட் ஆப்ஷனில் இந்தத் தர்க்கம் அப்படியே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புட்டில் ஸ்ட்ரைக் விலை நமக்கு வரும் பணம். அதைச் சீக்கிரம் வாங்கினால் வட்டி நமக்குச் சாதகம். காப்பு மட்டும் காத்திருக்கச் சொல்லும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுப்பதால், ஈவுத்தொகை இல்லாத பங்கிலும் அமெரிக்க புட்டை முன்கூட்டிப் பயன்படுத்துவது சில நேரம் சரியாக இருக்கும். கால் ஆப்ஷனில் வட்டியும் காப்பும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

இவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டு, தொடக்கத்தில் போட்ட "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கும் நியாயம் செய்ய வேண்டும். காகிதத்தில் 33.83, திரையில் அப்படி இருக்குமா? ஆழமாக லாபத்தில் நிற்கும் கால் ஆப்ஷன்களில் வியாபாரம் குறைவு. வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கடைசியாகக் கைமாறிய விலையை அல்ல. அது காலையிலோ நேற்றோ, பங்கு 126ல் இருந்தபோது நடந்த வியாபாரமாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு "என் ஆப்ஷன் உள்ளார்ந்த மதிப்புக்குக் கீழே போய்விட்டது" என்று பதறுவது வீண். இந்த நொடியில் வாங்குவோர் என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. அதை இந்த நொடியின் பங்கு விலையோடு ஒப்பிட வேண்டும்.

நம் கணக்கைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே ஸ்ட்ரைக் விலை, அதே காலாவதி உள்ள புட் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதோடு ஸ்ட்ரைக் விலையின் மீதி நாள் வட்டியைக் கூட்டுங்கள். வருவது உங்கள் கால் ஆப்ஷனின் கால மதிப்புக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அமெரிக்க புட்டுக்கு முன்கூட்டிப் பயன்படுத்தும் வசதியால் கொஞ்சம் கூடுதல் விலை இருக்கும் என்பதால் அச்சொட்டாக வராது. ஆனால் பங்கு ஸ்ட்ரைக்குக்கு வெகு மேலே இருக்கும்போது அந்த வித்தியாசம் சிறியது. பெரிய இடைவெளி தெரிந்தால் அதற்குக் காரணம் இருக்கும்: அறிவிக்கப்பட்ட ஈவுத்தொகையை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது பங்கைக் கடன் வாங்குவது கடினமாகியிருக்கலாம்.

திரையில் வாங்குவோர் விலை 29.50 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 29.50, பயன்படுத்திப் பங்கை விற்றால் 30. இன்றே பணம் வேண்டியவருக்கு இப்போது இரண்டாவதுதான் மேல். ஆனாலும் உடனே அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. 30க்குச் சற்று மேலே, 30.50க்கோ 31க்கோ, விலை குறித்து ஆணை போட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது. 32.91க்குக் கீழே எந்த விலைக்கு வாங்கினாலும், பங்கைக் கடன் வாங்கி விற்று, அதாவது ஷார்ட் செய்து, ஆறு மாதம் வைத்திருக்கக்கூடியவருக்கு அது லாபம். அப்படிப்பட்டவர்கள் சந்தையில் எப்போதும் வேட்டையில் இருக்கிறார்கள். யாருமே வரவில்லை என்றால் மட்டும் உரிமையைப் பயன்படுத்துங்கள். அப்போதும் தரகுக் கட்டணத்தையும், பங்கு கைக்கு வந்து சேரும் வரையிலான விலை ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில வரிச் சட்டங்களில் ஆப்ஷனை விற்றால் உடனே வரி வரும். பயன்படுத்தினால் பங்கை விற்கும் வரை தள்ளிப்போகும். 3.83 என்ற தொகையோடு அதையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்ப்பதுதான் முறை.

ஆப்ஷனை விற்க முடியாதவர் முன்னால் இன்னொரு வழியும் இருக்கிறது: ஆப்ஷனை வைத்துக்கொண்டே பங்கை ஷார்ட் செய்வது. இன்று 130க்கு விற்ற பணம் ஆறு மாதத்தில் 133.90 ஆகும். கடைசியில் 100 கட்டிப் பங்கை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் 33.90 மிஞ்சும், பங்கு 80க்கு விழுந்திருந்தால் 53.90. இன்றே பயன்படுத்தி விற்றவரின் 30 அதே வைப்பில் 30.90தான் ஆகியிருக்கும். நடுவில் பங்கைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால்கூடப் பயமில்லை; உரிமையைப் பயன்படுத்திப் பங்கை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் சிறு முதலீட்டாளர்களுக்கு ஷார்ட் செய்த பணத்துக்கு வட்டி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். மார்ஜின் என்ற பிணைத்தொகை வேறு கட்ட வேண்டும். வட்டி கிடைக்காவிட்டால் இந்த வழியின் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

ஊழியர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் பங்கு ஆப்ஷன்கள் தனி வகை. அவற்றை விற்க முடியாது. ஷார்ட் செய்யப் பெரும்பாலும் தடை இருக்கும். வேலையை விட்டால் சில மாதங்களில் காலாவதியாகிவிடும். சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்கும் ஒருவர், கால மதிப்பை இழந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே பயன்படுத்தி விற்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே சொன்ன வாசல்கள் மூடியிருக்கின்றன. எவ்வளவு கொடுத்து நிம்மதியை வாங்குகிறோம் என்பதை மட்டும் அவர் தெரிந்து செய்யட்டும்.

ஈவுத்தொகை உள்ள பங்கில் கணக்கு எப்படி மாறும் என்பது ஒரு வரி விஷயம்: பங்கை வாங்குபவருக்கு ஈவுத்தொகை உரிமை நீங்கும் தேதிக்கு முந்தைய நாளில், வரப்போகும் ஈவுத்தொகை மீதி வட்டியையும் காப்பையும் சேர்த்ததைவிடப் பெரியதாக இருந்தால், அன்று பயன்படுத்துவது சரி. அதற்கு முன் எந்த நாளிலும் அவசரமில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. நிறுவனம் ஈவுத்தொகை தராவிட்டாலும் பங்கு வருமானம் தரலாம். ஷார்ட் செய்யப் பலரும் போட்டி போடும் பங்கைக் கடன் கொடுத்தால் அதற்கு வாடகை கிடைக்கும். அது ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வையுங்கள். 130 மதிப்புள்ள பங்குக்கு ஆண்டு வாடகை 10.40, 100ஐத் தள்ளிக் கட்டுவதால் கிடைக்கும் வட்டி ஆண்டுக்கு 6. ஆப்ஷனைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வாடகை வராது. பங்கை வைத்திருப்பவருக்குத்தான் வரும். ஆகவே ஒவ்வொரு நாளும் வாடகை ஒரு பக்கம், வட்டியும் காப்பும் மறுபக்கம் என்று நிறுத்த வேண்டியிருக்கிறது. பங்கு ஸ்ட்ரைக்குக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும்போது காப்பு கனமாக இருக்கும், காத்திருப்பதே மேல். பங்கு மேலே மேலே போகப் போக வாடகை வளரும், காப்பு தேயும். ஒரு கட்டத்தில் தராசு சாய்ந்துவிடும். வாடகை நாளைக்கே 1 சதவீதமாக இறங்கக்கூடும் என்பதும், உங்கள் தரகர் அதில் எவ்வளவை உங்களுக்குத் தருவார் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். கடன் கொடுக்கும் வசதியே இல்லாத கணக்கு வைத்திருப்பவருக்கு அந்த 10.40 வெறும் காகித எண். அவர் ஆப்ஷனை விற்கும் விலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.